மருமகள் பாடும் ஆரத்தி

எங்கள் வீட்டுப் பூஜையில் கற்பூரம் காட்டினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். லூதியானாவிலிருந்து மருமகள் வந்த பிறகுதான் 'ஓம் ஜெய் ஜகதீஷ் ஹரே' முழுவதையும் பாடி ஆரத்தி எடுக்கும் வழக்கம் புதுச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

அந்தப் பாட்டு நீளம். கற்பூரம் பாதியிலேயே தீர்ந்துபோகும். அதனால் அவள் ஐந்து பஞ்சுத் திரிகளை முன்னதாகவே நெய்யில் ஊற வைப்பாள். நன்றாக ஊறாத திரி நுனி கரிந்து, இரண்டு சரணத்துக்குள் அணைந்துவிடும்.

இடக்கையில் மணி, வலக்கையில் தட்டு. பாதத்துக்கு நான்கு சுற்று, நாபிக்கு இரண்டு, முகத்துக்கு ஒன்று, முழு உருவத்துக்கு ஏழு என்று ஒரு கணக்கு உண்டு. எல்லாம் வலம் சுற்றுதான். கணக்கு முடிந்தும் பாட்டு மிச்சமிருந்தால் முழு உருவத்தையே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பாள். வேகமாகச் சுற்றினால் சுடர் சாய்ந்து புகையும். சுவாமியின் முகம் வெளிச்சத்தில் நிற்காது. முகத்தைக் காட்டத்தானே தீபம்!

பாட்டை எழுதியவர் பஞ்சாபின் பில்லௌர் ஊரைச் சேர்ந்த சிரத்தா ராம். 1881-இல் மறைந்தவர். சிரத்தையையும் பக்தியையும் வளரச் செய் என்று கடைசியில் கேட்கிறாரே, அந்தச் 'சிரத்தா'வில் அவர் பெயரும் இருக்கிறது. நம் தியாகராஜர் முத்திரை வைப்பது போலத்தான்.

இறைவனை அவர் 'தும்' என்று அழைக்கிறார். இந்தியில் 'ஆப்' மரியாதைச் சொல், 'தூ' மிக நெருக்கம், 'தும்' இரண்டுக்கும் நடுவே. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இது உடனே பிடிபட்டது. கிறிஸ்தவர்களின் பரலோக மந்திரத்தைப் பிரெஞ்சில் 'வூ' என்று மரியாதையாகச் சொல்லிவந்தவர்கள், 1966-இல் 'த்யூ' என்று மாற்றிக்கொண்டார்கள். தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஆண்டவன் பெரும்பாலும் 'நீ'தான்.

முதலில் அடியாரின் துயரை நொடியில் தீர்ப்பவன் என்று புகழ்கிறது பாட்டு. அடுத்து, தாயும் தந்தையும் நீயே, உன்னையன்றி யாரிடம் அடைக்கலம் புகுவேன் என்கிறது. பிறகு, நான் அறிவிலி, உன்னை எப்படிச் சந்திப்பேன் என்று தாழ்கிறது. உன் வாசலில் கிடக்கிறேன், கையை உயர்த்திக் காத்தருள் என்கிறது.

சென்ற ஆண்டு மருமகளின் தகப்பனார் காலமானார். ஊருக்குப் போய்த் திரும்பிய பின் முதல் ஆரத்தியில், தாய் தந்தை என்று வரும் அடியில் அவள் குரல் நின்றுவிட்டது. தட்டும் நின்றது. இந்தி ஒரு சொல்லும் தெரியாத என் மனைவி அவள் கைக்கடியில் தன் கையைக் கொடுத்துத் தட்டைச் சுற்ற வைத்தாள். மெட்டை மட்டும் முனகினாள். அடுத்த சரணத்தில் மருமகள் சேர்ந்துகொண்டாள்.

முடிந்ததும் வழக்கம்போல் உத்தரணித் தண்ணீரால் தீபத்தைச் சுற்றிவிட்டு, தட்டை முதலில் தன் மாமியாரிடம்தான் நீட்டினாள். அவள் சுடருக்கு மேல் இரு உள்ளங்கைகளையும் காட்டி எடுத்தாள். தன் கண்ணில் ஒற்றிக்கொள்ளுமுன் மருமகள் கண்ணில் ஒற்றினாள்.