பேசினை இறுக்க முதல் சுவரைப் பாருங்கோ

வோஷ் பேசின் ஆடத் தொடங்கினால் எல்லாரும் முதலில் செய்வது கீழே குனிந்து ஆணியை இறுக்குவதுதான். ஒரு கிழமைக்கு ஆடாமல் இருக்கும். பிறகு முன்னையைவிடக் கூட ஆடும். கம்பஸுக்குப் பக்கத்தில் நாங்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருக்கிற வீட்டில், எங்களுக்கு முன் இருந்தவர்களும் இதைத்தான் செய்திருக்கினம். நாங்கள் வரும்போது பேசினுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் போகுமளவுக்கு இடைவெளி. “உடைஞ்சால் அட்வான்ஸில கழிப்பன்” எண்டு வீட்டுக்கார அன்ரி முதல் நாளே சொல்லிட்டா.

அறைத்தோழியின் சித்தப்பா மேசன் வேலை செய்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். பேசினின் முன்விளிம்பை மெதுவாக அழுத்திக்கொண்டு, பிராக்கெட் சுவரில் தொடுகிற இடத்தைப் பார்க்கச் சொன்னார். பிராக்கெட் அசையாமல் பேசின் மட்டும் ஆடினால், அது இருக்கிற இடத்தைச் சரிசெய்தால் போதும். எங்களுடையதில் பிராக்கெட்டே சுவரைவிட்டு வெளியே வந்தது. ஆணியைத் திருப்பினால் முடிவில்லாமல் சுத்திக்கொண்டே இருந்தது. “பேசினில ஒரு பிழையும் இல்லை பிள்ளை. சுவர்தான் பிடியை விட்டிட்டுது” எண்டார்.

கழற்றுவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டோம். கீழே உள்ள வால்வைப் பூட்டி, வாளியை வைத்துத் தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் கழற்றினோம். பின்விளிம்பில் இருந்த பழைய சிலிக்கனை பிளேட்டால் வெட்டினோம். அதை வெட்டாமல் இழுத்தால் பேசின் அந்த இடத்திலேயே வெடிக்கும். இரண்டு பேர் பிடித்து மேலே தூக்கி, மடித்த பெட்ஷீட்டில் கவிழ்த்து வைத்தோம். சித்தப்பா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மணி போலத் தெளிவான சத்தம் வந்தால் நல்லது. மந்தமாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். அப்படியானதைத் திரும்பப் பூட்டக் கூடாது. பாரம் விழும்போது திடீரென்று உடையும். அதன் விளிம்பு கத்தி மாதிரி வெட்டும்.

பழைய ஆணியைக் கையில் எடுத்தபோதுதான் விசயம் விளங்கியது. நீளம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர். அதில் பிராக்கெட்டின் தடிப்பு 5, டைல் 8, அதற்குப் பின்னால் உள்ள சீமெந்துப் பூச்சு 20. கூட்டினால் 33. மிச்சம் வெறும் 5 மில்லிமீற்றர்தான் கல்லுக்குள் போயிருக்கு. அத்தனை பாரத்தையும் பூச்சுத்தான் தாங்கியிருக்கு. ஒவ்வொருமுறை இறுக்கும்போதும் அந்தப் பூச்சு இன்னும் கொஞ்சம் மாவாகிக் கொட்டியிருக்கு.

புது ஆணி மூன்று அங்குலம், அதாவது 76 மில்லிமீற்றர். 40க்கு மேல் கல்லுக்குள் போகும். பழைய ஓட்டைகளைச் சீமெந்தால் அடைத்துவிட்டு, பிராக்கெட்டை இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்திப் புதிதாகத் துளைத்தார். டைல் முடியும்வரை ட்ரில்லின் ஹாமரைப் போடவில்லை. போட்டால் டைல் வெடிக்கும். ரோல்பிளக்கை டைலோடு சமமாக விடாமல், பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் தள்ளினார். ஆணி போகப் போக பிளக் விரியும். டைலுக்குள் விரிந்தால் டைல்தான் உடையும். எங்களுடையது உள்ளே வெறுமை இல்லாத கல். ஓட்டைக் கல்லாக இருந்தால் சாதாரண பிளக் உள்ளே பிடிப்பில்லாமல் சுத்தும். அதற்கு வேற வழி பார்க்கவேணும்.

அடுத்தது மட்டம். தெளிவான ரியூப்பில் தண்ணீர் விட்டு இரண்டு பிராக்கெட்டும் ஒரே உயரமா எண்டு பார்த்தார். பீங்கான் அழுத்தத்தை நல்லாத் தாங்கும், வளைப்பைத் தாங்காது. ஒரு பக்கம் சற்றுப் பதிந்திருந்து அதன்மேல் இறுக்கினால் பேசின் வளையப் பார்க்கும், வளைய முடியாமல் வெடிக்கும். இடையில் ஒரு மணல் பரல் கிடந்தாலும் இதே கதைதான். அதனால் பிராக்கெட்டுகளைத் துடைத்துவிட்டு, பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டின துண்டுகளை மேலே வைத்தோம். பின்பக்க நட்டுகளுக்கும் பீங்கானுக்கும் இடையில் ரப்பர் வோஷர் போட்டோம். நட்டைக் கையால் இறுகும்வரை திருப்பி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று மட்டும். ஒரு பக்கத்தை முழுசா இறுக்காமல், இடமும் வலமும் மாறி மாறி.

சிலிக்கன் கடைசியில்தான். அது பின்னால் தண்ணீர் இறங்காமல் தடுக்க, பாரம் தாங்க இல்லை. ஒரு நாள் காய விட்டோம்.

அன்ரி வந்து பேசினை ஒருக்கா அழுத்திப் பார்த்தா, ஒண்டும் சொல்லேல்லை. பழைய ஆணியைக் காட்டி, வீடு கட்டும்போதே கல்லுக்குள் 5 மில்லிமீற்றர்தான் போயிருக்கு எண்டு விளங்கப்படுத்தினோம். ஆணியும் பிளக்கும் வாங்கின காசை அடுத்த மாத வாடகையில் கழிக்கச் சம்மதிச்சிட்டா.