கிணற்றை விட மனமில்லை

அம்மாவின் தாலாட்டு நாலே வரி. ஊரில் எல்லோரும் பாடும் பாட்டு அல்ல அது. எங்கள் வீட்டு முற்றத்தைப் பார்த்தபடி அம்மா தானாகக் கட்டியது:

முற்றத்து வேம்பே ஆடாதே
முத்துக் கண்ணே மூடாயோ
கிணற்றுத் தண்ணீர் பேசாதே
கிளியே நீயும் தூங்காயோ

பழைய நூல் சேலையை வளையில் கட்டி, அந்த ஏணையில் ஒரு கயிற்றையும் முடிந்து, அதன் மற்ற நுனியைக் குசினிக்குள் வைத்திருப்பா அம்மா. கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே இடைக்கிடை இழுப்பா. ஒரு வரிக்கு இரண்டு இழுவை. ‘வேம்பே’ என்று இரண்டாம் சீர் தொடங்கும்போது ஒன்று. ‘ஆடாதே’யின் நடு நெடிலில் இன்னொன்று. கடைசி ஏகாரத்தையோ ஓகாரத்தையோ அம்மா நீட்ட, அந்த நீட்டிலேயே ஏணை திரும்பி வரும். வளையில் கயிறு உராயும் சத்தம் ஓயுமுன் அடுத்த வரி. என் தம்பிமாரை அப்படித்தான் உறங்கவைத்தா. அந்த இழுவை இன்னும் என் வலது கையில் இருக்கிறது.

1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் அந்த வீட்டை விட்டோம். பல ஊர் மாறிக் கடைசியில் சிசிலித் தீவின் பலெர்மோவில் வந்து நின்றேன். இங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர். பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் ரொசாலியா அம்மன் குகைக்குச் சைவக்காரரும் நேர்த்தி வைத்து ஏறுவார்கள். மகன் இங்கேயே வளர்ந்து இந்த ஊர்ப் பிள்ளையைக் கட்டினான். பேரன் பிறந்தபோது நான் பாடினேன்; மருமகள் பக்கத்தில் இருந்து கேட்டாள். பள்ளிக்கூடத்தில் இத்தாலி மொழி படிப்பிக்கிறவள், செய்யுளில் பிடிப்பு உள்ளவள். ஒருநாள் மகன் வந்து, “அம்மா, இவவும் பாடக்கூடின மாதிரி இத்தாலியில ஒருக்கா மாத்தித் தாங்கோவன்” என்றான்.

பொருளை மாற்ற ஒரு மாலை போதும். ஆட்டத்தை மாற்றத்தான் நாள் எடுத்தது. எங்கள் பாட்டில் குறிலும் நெடிலும் தாளம் போடுகின்றன. இத்தாலிச் செய்யுளில் ஒலியசையை எண்ணுவார்கள். அதோடு எந்த அசையில் குரல் அழுந்துகிறது என்று பார்ப்பார்கள். அங்கே பிள்ளைப் பாட்டுக்கு ஏற்ற அடி ஒத்தொனாரியோ. எட்டு அசை, மூன்றாவதிலும் ஏழாவதிலும் அழுத்தம். மருமகள் மேசையில் தட்டிக் காட்டியபோதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டு அழுத்தம், இரண்டு இழுவை. ஏழாவது அசைக்குப் பிறகு ஓர் அசை தளர்ந்து விழுகிறது. அம்மா நீட்டுகிற இடம் அதுவே. இரண்டு உயிர் சந்தித்தால் அவர்களும் எங்களைப் போலப் புணர்த்தி ஓரசையாக்கி விடுவார்கள். ‘நின்னா நான்னா’ என்கிற அவர்களுடைய தாலாட்டுச் சொல்லில் வருகிற இரட்டித்த மெய், ‘கண்ணே’யில் வருவது போலவே நாவை ஒரு கணம் நிறுத்துகிறது.

முதல் சிக்கல் வேம்பு. மருமகள் அதைக் கண்டதில்லை. கண்டிராத மரத்தைப் பிள்ளைக்கு எப்படிப் பாடுவது? பலெர்மோ வீடுகளின் மாடி முகப்பில் பொமேலியா என்றொரு செடியைத் தொட்டியில் வளர்ப்பார்கள். குளிர்காலத்தில் குருத்துக் கருகாமல் இருக்க, கிளை நுனி ஒவ்வொன்றிலும் முட்டைக் கோதைக் கவிழ்த்து வைப்பார்கள். பூவைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன், எங்கள் கோயில் வாசலில் நின்ற ஈழத்தலரி. வேம்பு போனாலும் ஊர்ப் பூ ஒன்று பாட்டுக்குள் வந்தது. ‘ஓ பொமேலியா, நோன் த்ரெமாரே’, பொமேலியாவே நடுங்காதே. எட்டு அசை, அழுத்தம் ‘மே’யிலும் ‘மா’விலும்.

கிளிக்கு நேரான ‘பாப்பகால்லோ’வுக்கு எட்டு அசையில் இடம் இருந்தது. ஆனால் தெருவில் பெண்களைத் தொந்தரவு செய்கிற ஆணுக்கும் இங்கே அதுவே பெயர். மருமகள் வேண்டாம் என்றாள். கார்தெல்லீனோ என்கிற சின்னப் பாட்டுக் குருவி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

மூன்றாவது வரியில்தான் நான் தடக்குப்பட்டேன். கிணற்றுத் தண்ணீர் என்பதை அப்படியே சொன்னால் ‘ஆக்குவா தெல் போத்ஸோ, நோன் பார்லாரே’. ஒன்பது அசை. அழுத்தம் நான்கிலும் எட்டிலும் போய் விழுகிறது. தாளில் பார்த்தால் ஓர் அசைதானே என்று தோன்றும். ஏணைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடிப் பார்த்தால் தெரியும்: ஏணை திரும்பி வரும்போது கை இழுக்கிறது, துணி வெட்டி நிற்கிறது, பிள்ளை கண்ணைத் திறக்கிறான். தண்ணீரை வைத்துக் கிணற்றை விடலாம், ‘ஆக்குவா ஃபோந்தா’, ஆழத்துத் தண்ணீரே. கிணற்றை வைத்துத் தண்ணீரை விடலாம், ‘போத்ஸோ ஃபோந்தோ’, ஆழக் கிணறே. இரண்டும் எட்டு அசைக்குள் அமைகின்றன. “போத்ஸோவில் ஒலி கரடு, தாலாட்டுக்கு ஆக்குவாதான் மெது” என்றாள் மருமகள். அவள் சொன்னது சரி. காது அவளுடைய பக்கம்தான்.

என்றாலும் கிணற்றை விட எனக்கு மனம் வரவில்லை. ஆறு இல்லாத ஊர் எங்களுடையது. சுண்ணாம்புக் கல்லை வெட்டி இறக்கிய கிணறுதான் குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க. இரவில் துலாவில் தொங்கும் வாளியிலிருந்து துளி துளியாகத் தண்ணீர் கீழே விழும். அந்தச் சத்தத்தைத்தான் அம்மா பேசாதே என்று அதட்டினா. சண்டை ஓய்ந்தபின் ஊருக்குப் போனபோது வீட்டுச் சுவர் இல்லை, வேம்பு இல்லை, ஏணை கட்டிய வளை இல்லை. பற்றைக்குள் கிணறு மட்டும் கிடந்தது. எட்டிப் பார்த்தேன், தண்ணீர் இருந்தது. அதனால் என் பாட்டு இப்படி நின்றது:

ஓ பொமேலியா, நோன் த்ரெமாரே,
கியூதி லியொக்கி, மியோ பிச்சீனோ,
போத்ஸோ ஃபோந்தோ, நோன் பார்லாரே,
தோர்மி, தோர்மி, கார்தெல்லீனோ.

இரண்டாவது வரி, கண்ணை மூடு என் சின்னவனே. ‘லி ஒக்கி’ புணர்ந்து ‘லியொக்கி’ ஆகிறது. கடைசி வரி, உறங்கு உறங்கு குருவியே. அம்மாவின் வரிகள் ஏ, ஓ, ஏ, ஓ என்று முடிந்தன. இவையும் அப்படியே முடிகின்றன. அதைக் கண்ட அன்று நான் அழுதேன். முன்னால் பாடுகிற ஆராரோவை நாங்கள் மாற்றவில்லை. சிசிலிக்காரரும் ‘அலவோ’ என்று ஓகாரத்தில்தான் பிள்ளையை ஆட்டுவார்கள். முற்காலத்தில் அவர்களும் நாகா என்கிற துணித் தொட்டிலைத் தாய் தகப்பனின் கட்டிலுக்கு மேலே கயிற்றில் கட்டி ஆட்டியவர்கள். 19ஆம் நூற்றாண்டில் பலெர்மோ மருத்துவர் ஜுசெப்பே பித்ரே அந்த மக்களின் பாட்டுகளைத் திரட்டிப் புத்தகமாக்கி வைத்தார்.

அம்மாவின் பாட்டைத் திரட்ட யாரும் வரவில்லை. அம்மாவின் குரல் ஒரு நாடாவிலும் இல்லை. சொல்லும் இழுவையும் எனக்குத் தெரியும். மெட்டு எனக்கு முழுதாக வராது, இரண்டாம் வரியின் இறக்கம் அம்மாவோடு போய்விட்டது. மருமகள் பாடும்போது அந்த இடத்தில் அவள் ஊர் மெட்டு வந்து நிற்கிறது. அவள் ‘ஆக்குவா ஃபோந்தா’ என்றுதான் பாடுகிறாள், நான் கிணறு என்றே பாடுகிறேன். பேரன் இரண்டுக்கும் உறங்குகிறான்.

ஏணை கட்டிப் பாடிய ஒருவர் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த வாரமே கேட்டுப் பதிந்து வையுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல், கயிற்றைக் கையில் கொடுத்துப் பாடச் சொல்லி, எந்த அசையில் இழுக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.