பத்து ரூபாய் நாணயமும் ஒரு புகார்க் கடிதமும்

ஒரகடம் தொழிற்சாலை வாசலில் இட்லி விற்கும் பாட்டியம்மாள் ஒருத்தி, சென்ற ஆடி மாதம், 46 பத்து ரூபாய் நாணயங்களைத் தன் கணக்கில் கட்டுவதற்காகப் பாங்கிக்குச் சென்றாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். குமாஸ்தா நாணயங்களை எண்ணாமலே திருப்பித் தள்ளினார். இரண்டு நாணயங்கள் தரையில் உருண்டன. "இதையெல்லாம் கோயில் உண்டியலில் போடு, இங்கே கொண்டு வராதே" என்றார்.

அன்று மாலை அவளுடைய பேரன் ஒரு புகார் எழுதி வந்து என்னிடம் காட்டினான். "திமிர் பிடித்தவர்", "ஏழையென்றால் இளக்காரம்" என்றெல்லாம் அதில் இருந்தது. அவனுடைய கோபம் நியாயமானதே. ஆனால், "அப்படி ஓர் எண்ணமே எனக்கில்லை" என்று குமாஸ்தா சொல்லிவிட்டால் புகார் அங்கேயே முடிந்துவிடும். ஒருவர் மனத்தில் இருந்ததை நிரூபிக்க முடியாது. வாயிலிருந்து வந்ததை நிரூபிக்கலாம். ஆகையால் தேதி, காலை 11.20 மணி, இரண்டாவது ஜன்னல், நாணயங்களின் எண்ணிக்கை, அவர் சொன்ன வார்த்தைகள், சாட்சியாக என் பெயர் ஆகியவற்றை மட்டும் எழுதினோம்.

பேரன் கடைசியில், "அவரை வேலையை விட்டு நீக்க வேண்டும்" என்று எழுதியிருந்தான். அது கிளை மானேஜரின் அதிகாரத்தில் உள்ளதன்று. மறுப்பது அவருக்குச் சுலபம். அதற்குப் பதிலாக, அவரால் செய்யக்கூடிய மூன்று காரியங்களைக் கேட்டோம்: நாணயங்களைப் பெற்றுக்கொண்டு ரசீது தருவது, எல்லா ஜன்னல்களுக்கும் எழுத்து மூலம் உத்தரவிட்டு அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, அன்றைய காமிராப் பதிவு அழிந்துபோகுமுன் அதைப் பத்திரப்படுத்துவது. பத்து ரூபாய் நாணயத்தில் அதுவரை வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் பாங்க் 2018 ஜனவரியில் அறிவித்ததையும் குறிப்பிட்டோம். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. "தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துகிறோம்" என்பதுதான் அதன் சாரம். பாட்டியம்மாள், "என் காசை வாங்கிக்கொள்வார்களா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். பதிலில் அதற்கு விடையில்லை. உடனே இரண்டாவது கடிதம் எழுதினோம்: "தங்கள் வருத்தத்தை ஏற்றுக்கொள்கிறோம். எங்கள் மூன்று கோரிக்கைகளுக்கும் தனித்தனியே பதில் வேண்டும். முதல் கடிதம் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தக்க பதில் வராவிட்டால், ரிசர்வ் பாங்கின் ஆம்புட்ஸ்மனிடம் முறையிடுவோம்." முதலில் பாங்கியிடமே எழுதிக் கேட்டுவிட்டுத்தான் அங்கே போக முடியும். அதற்கு அத்தாட்சி, முத்திரையிட்ட அந்த நகலே.

இருபதாம் நாள் 460 ரூபாய்க்கு ரசீது கிடைத்தது. பலகையில் அறிவிப்பும் ஏறியது. காமிராவைப் பற்றி மட்டும் பதிலே இல்லை. மேலே போகலாமா என்று பேரன் கேட்டான். பாட்டியம்மாள் ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "அடுத்த வாரமும் சில்லறை சேரும், அப்போது பார்ப்போம்" என்றாள்.