யார், எப்போது அறிவார்?

1991ஆம் ஆண்டின் அல்சூரைக் களமாகக் கொண்ட நாவலொன்றைச் செயற்கை நுண்ணறிவு உரையாடல்களின் துணையோடு எழுதிவருகிறேன். அத்தியாயத்திற்கு ஓர் உரையாடல். முந்தைய உரையாடலில் நிகழ்ந்ததைப் புதியது அறியாது என்று கொண்டே ஒவ்வொன்றையும் தொடங்குகிறேன். அதனால், மாந்தர்களையும் களத்தையும் பற்றிய குறிப்புத்தாளை முதலில் உள்ளிடுகிறேன்.

களக்குறிப்பில், அன்று இல்லாதவற்றையும் எழுதியிருக்கிறேன். நகரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2011இல். தேவனஹள்ளி விமான நிலையம் திறக்கப்பட்டது 2008இல். இவற்றைச் சொல்லாவிடில், இன்றைய நகரம் கதைக்குள் புகுந்துவிடுகிறது.

மாந்தர் குறிப்பில் வயதும் தோற்றமும் எளியவை. ஒருவர் எதை, எப்போது அறிகிறார் என்பதே கடினம். அவ்வாண்டு டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டது. நாவலில் அது 14ஆம் அத்தியாயம். அச்செய்தி தாளில் இருக்க, மார்ச்சில் நிகழும் 3ஆம் அத்தியாயத்தைத் திருத்தினால், கன்னட அண்டைவீட்டாரிடம் தமிழ்க் குடும்பம் காரணமின்றி அஞ்சிப் பேசுகிறது. பிந்தைய பிரிவின் வலி, முந்தைய நட்பு இயல்பாக இருந்தால்தான் உறைக்கும்.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் அத்தியாய எண் இடுகிறேன். எழுதும் அத்தியாயத்திற்குப் பிந்திய வரிகளை நீக்கிவிட்டே உள்ளிடுகிறேன். அத்தியாயம் முடிந்ததும், உரையாடல் தரும் சுருக்கத்தை ஏற்காமல், மூலத்தைப் படித்தே தாளைப் புதுப்பிக்கிறேன். சுருக்கத்தில், மாந்தர் உணர்ந்ததும் வாசகர் ஊகித்ததும் ஒன்றாகிவிடுகின்றன.