"மன்னிக்கவும்" என்ற சொல்லை அழித்தபோது!

போன வருடம் நவராத்திரிக்கு முன்பு, நான் வரைந்த கொலு ஓவியம் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். அதன் கீழே ஒரு மசாலா பிராண்டின் கமென்ட். 'அருமை! எங்களுக்காக 9 நாளைக்கு 9 ஓவியம் வரைந்து தருவீர்களா? உங்கள் பெயரைப் போட்டு, கிஃப்ட் ஹேம்பரும் அனுப்புகிறோம்!'

ஓர் ஓவியத்துக்கு எனக்கு ஆறு மணி நேரம் ஆகும். ஒன்பதுக்கு 54 மணி நேரம். பதிலுக்கு, சாம்பார் பொடி.

எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்களே என்று பதறி, இப்படி டைப் செய்தேன்: 'ரொம்ப நன்றி! உங்களுக்கு வரைய ஆசைதான். மன்னிக்கவும், இப்போது வீட்டில் வேலை அதிகம். பிறகு பார்க்கலாமா?'

எட்டிப் பார்த்த மகள், "இப்ப டைம் இல்லன்னு சொன்னா, தீபாவளிக்கு வந்து நிப்பாங்கம்மா" என்றாள். உண்மைதான். இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் இனிப்புக் கடைக்கு இப்படித்தான் மழுப்பினேன். அவர்கள் விடாமல் கேட்க, கடைசியில் சும்மாவே வரைந்து கொடுத்தேன். அந்தப் படம் ஸ்வீட் பாக்ஸில் அச்சாகி வந்தது. என் பெயர்கூட அதில் இல்லை.

அந்தக் கோபத்தில் அடுத்த பதில்: 'உங்கள் மசாலாவை இலவசமாகத் தருவீர்களா? ஹேம்பரை வைத்து கரன்ட் பில் கட்ட முடியுமா?' இதைப் போட்டால் லைக்ஸ் குவியும். ஆனால், அந்தப் பக்கம் கமென்ட் போட்டது முதலாளியாக இருக்காது, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஏதோ ஒரு பிள்ளையாகத்தான் இருக்கும். நாளைக்குப் பணம் கொடுத்து வரையச் சொல்ல நினைப்பவரும் இதைப் படிப்பார். அழித்துவிட்டேன்.

மூன்றாவதாக எழுதியதைத்தான் போட்டேன்:

'என் ஓவியத்தைப் பாராட்டி அழைத்ததற்கு நன்றி. பிராண்டுகளுக்கு நான் கட்டணத்துக்கு மட்டுமே வரைகிறேன். அதனால் இதை ஏற்க இயலாது. கட்டணத்துடன் செய்வதாக இருந்தால் மெயில் அனுப்புங்கள், விவரம் சொல்கிறேன். நவராத்திரி வாழ்த்துகள்!'

இதில் 'மன்னிக்கவும்' இல்லை. நான் தப்பு எதுவும் செய்யவில்லையே! 'நேரமில்லை' என்பது சூழ்நிலை. அது மாறும், மறுபடி கேட்பார்கள். 'கட்டணத்துக்கு மட்டுமே' என்பது என் வழக்கம். அதில் பேரம் பேச இடமில்லை. தொகையை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. எத்தனை படம், எங்கே போடுவார்கள், எத்தனை மாதத்துக்கு என்பதைப் பொறுத்து அது மாறும்.

'சரி மேம், ஒரே ஒரு படம் மட்டும்?' என்று மறுபடி கேட்டார்கள். புதுக் காரணம் தேடவில்லை. 'ஒன்றானாலும் கட்டணத்துக்குத்தான். புரிதலுக்கு நன்றி' என்றேன். ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த பிராண்ட் திரும்ப வரவில்லை. ஆனால், அந்த வாரம் ஒரு சிறிய பொம்மைக் கடைக்காரர் மெயில் அனுப்பியிருந்தார். முதல் வரியே, 'உங்கள் கட்டணம் எவ்வளவு மேடம்?'