வரிசைக்கு முன்பு இருந்த வழக்கம்

புதிய கமிட் வந்ததும் பழைய பில்டை ரத்து செய்வது கிளவுட் செலவைக் குறைக்க அண்மையில் கண்டுபிடித்த உத்தி என்று பலர் நினைக்கிறார்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இந்த வசதி 2021-இல்தான் வந்தது என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் தேடிக்கொண்டு பின்னால் போனால், 2003-இல் பிரையன் வார்னர் அறிமுகப்படுத்திய பில்ட்பாட் எதிர்ப்படுகிறது. வரிசையில் நிற்கும் ஒத்த கோரிக்கைகளை ஒன்றாக்கிவிடும் ஏற்பாடு அதில் உண்டு. இன்னும் பின்னால், நெட்ஸ்கேப்–மொசில்லா காலத்து டிண்டர்பாக்ஸில் வரிசையே கிடையாது. ஒரு பில்ட் முடிந்ததும் எந்திரம் அப்போதைய கோடை எடுத்து அடுத்ததைத் தொடங்கும். இடையில் பத்து பேர் மாற்றியிருந்தாலும் ஒரே பில்ட்தான். ஆக, காலாவதியான பில்டை விட்டுவிடுவதுதான் பழைய வழக்கம். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் தனி பில்ட் என்றான பிறகே வரிசையும் காத்திருப்பும் முளைத்தன.

ரத்து செய்யாமல் அவசரத் திருத்தத்தை முன்னால் விட்டால் போதாதா என்று கேட்கலாம். ஒரே ரன்னர், ஒரு பில்டுக்கு 20 நிமிடம் என்று கொள்வோம். ஒரு கிளையில் 10:00, 10:05, 10:10 மணிக்கு மூன்று புஷ். 10:12-க்கு வேறொரு கிளையில் அவசரத் திருத்தம். வந்த வரிசைப்படி ஓடினால் திருத்தம் 11:20-க்கு முடியும். முன்னுரிமை மட்டும் கொடுத்தால் 10:40-க்கே முடிந்துவிடும். ஆனால் மூன்றாவது புஷ்ஷின் முடிவு 11:00-இலிருந்து 11:20-க்குத் தள்ளிப்போகும். ரத்து மட்டும் செய்தால் மூன்றாவது புஷ் 10:30-க்கும் திருத்தம் 10:50-க்கும் முடியும். திருத்தத்துக்குப் பத்து நிமிடம் நட்டம்தான். ஆனால் முன்னுரிமை காத்திருப்பை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றுகிறது. ரத்துதான் வேலையையே குறைக்கிறது. எல்லோரும் ‘அவசரம்’ என்று குறியிடத் தொடங்கினால் முன்னுரிமைக்குப் பொருளே போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரத்துக்கு எதிரான வலுவான வாதம் வேறு. டிண்டர்பாக்ஸில் பில்ட் உடைந்தால் யார் மாற்றம் உடைத்தது என்று உடனே தெரியாது. இடையில் கோடைச் சேர்த்த அத்தனை பேர் மீதும் சந்தேகம் விழும். மெயின் கிளையில் ரத்து செய்தால் அதே சிக்கல் திரும்பிவரும். `cancel-in-progress: false` என்று எழுதினால் தப்பிவிடலாம் என்று நம்பக் கூடாது. ஓடுவது பிழைக்கும், ஆனால் ஒரு குழுவில் இயல்பாக ஒரே பில்ட்தான் காத்திருக்க முடியும், ஆகவே புதியது வந்ததும் காத்திருந்த பழையது சத்தமில்லாமல் ரத்தாகும். மெயினில் ஒவ்வொரு பில்டுக்கும் தனிக் குழு கொடுப்பதே சரி:

```yaml
concurrency:
  group: ci-${{ github.ref == 'refs/heads/main' && github.run_id || github.ref }}
  cancel-in-progress: true
```

மெயின் அல்லாத ஒரு கிளையில் பில்ட் 20 நிமிடமும் புஷ் 15 நிமிடத்துக்கு ஒன்றுமாக இருந்தால், இந்த அமைப்பில் அந்தக் கிளையில் எதுவும் முடியாது. அங்கே ஓடுவதை முடிய விட்டு, காத்திருப்பதை மட்டும் ரத்து செய்யலாம். டேட்டாபேஸை மாற்றும் டிப்ளாய் வேலையை மட்டும் இந்த ஒர்க்ஃப்ளோவில் சேர்க்காதீர்கள். பாதியில் நின்றால் அதைச் சரிசெய்ய, மிச்சப்படுத்திய நேரத்தைவிட அதிகம் செலவாகும்.