மாலை வந்த நாளிலிருந்து

கல்யாண மாலையிலிருந்து பூக்களைப் பிரித்து, உலர்த்தி, ரெசினில் பதித்துச் சட்டமாக்கிக் கொடுப்பது என் தொழில். திருச்சியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் பட்டறை. மணமக்களின் பெயரும் முகூர்த்த நாளும் அதில் இருக்கும். பெரும்பாலும் மணப்பெண்ணின் அக்காவோ, தோழியோ, அத்தையோ பரிசாகக் கொடுப்பதற்காகக் கேட்பார்கள். விலையைவிட முன்னால் வரும் கேள்வி, "எப்போக்கா கிடைக்கும்?" என்பது.

அந்தக் கேள்விக்கு உள்ளதைச் சொல்ல எனக்கு நெடுநாள் பயம் இருந்தது. ஆறு வாரம் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே என்ற பயம். சிலர் உண்மையிலேயே போனார்கள். ஆனால் இந்த வேலையில் நாளைத் தீர்மானிப்பது நான் இல்லை, பூவும் ரெசினும்தான். அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எந்தக் கேள்விகளைக் கேட்டு ஆர்டர் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிந்தது.

பூவை முதலில் சிலிக்கா ஜெல் மணிகளுக்குள் புதைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்கிறேன். உதிர்த்த ரோஜா இதழ் நாலைந்து நாளில் உலர்ந்துவிடும். முழு ரோஜாவுக்கும் தடித்த சம்பங்கிக்கும் பத்து நாள் வரை வேண்டும். இதழ் அப்பளம்போல மொறுமொறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. பூவின் அடிப்பகுதியில் ஈரம் ஒளிந்திருக்கும். அதனால் சிறு தராசில் வைத்து எடை பார்க்கிறேன். இரண்டு நாள் அடுத்தடுத்து ஒரே எடை காட்டினால்தான் பூ தயார். ஈரத்தோடு ரெசினில் போட்டால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்து, வாங்கியவர் வீட்டுச் சுவரில் தொங்கும்போது, பூ பழுப்பேறும், சுற்றிலும் மங்கல் படரும். ரெசினுக்குள் போன பூவை வெளியே எடுத்துச் சரிசெய்ய வழியே கிடையாது.

ரெசினுக்கும் அதன் நாள் உண்டு. ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் உள்ளே சூடேறிப் பூ கருகும், குமிழி வரும். ஆகவே அடி அடுக்கு, பூ அடுக்கு, மேல் அடுக்கு என்று ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விடுகிறேன். கடைசி அடுக்கு ஊற்றிய மறுநாளே மோல்டிலிருந்து எடுக்கலாம். கைக்குக் கல்போலத் தெரிந்தாலும் அது முழுதாக இறுகியிருக்காது. அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குள் பபிள் ஷீட்டில் சுற்றி அனுப்பினால், பெட்டியைத் திறக்கும்போது அந்தக் குமிழிகளின் அச்சு மேற்பரப்பில் வட்ட வட்டமாகப் பதிந்திருக்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் சேர்ந்தால் மேல்பக்கம் எண்ணெய்ப் பிசுக்குபோல ஒட்டும். அதைத் துடைத்துத் தேய்த்து மறுபடி ஒரு மெல்லிய அடுக்கு போட வேண்டி வரும்.

இவ்வளவும் என் பக்கத்து நாள்கள். வாங்குபவரின் பக்கத்திலிருந்து எனக்கு வேண்டியவை வேறு. வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே ஆர்டர் எடுத்தால் அவை குரல் செய்தி ஒன்றிலும் புகைப்படத்தின் கீழ் ஒரு வரியிலுமாகச் சிதறிக் கிடக்கும். எனவே கூகுள் ஃபார்மில் ஒரு படிவம் வைத்தேன். ஒரு கேள்வியின் பதில் என் வேலையில் எதையும் மாற்றாது என்றால் அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை என்பதே நான் வைத்த விதி. பிடித்த நிறம் எது, உங்கள் கற்பனை என்ன என்பவற்றை அப்படித்தான் எடுத்தேன். கற்பனையைக் கேட்டால் "அழகா பண்ணிக் கொடுங்க" என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பதில் மூன்று மாதிரிப் படங்களைப் போட்டு ஒன்றைத் தொடச் சொன்னால் அரை நிமிடத்தில் முடிகிறது.

மிஞ்சியவை இவை: முகூர்த்த நாள், மாலையில் என்னென்ன பூ, எந்த அளவு, எந்த மாதிரி, பொறிக்க வேண்டிய எழுத்து, யாருக்கு எந்தத் தேதிக்குள் வேண்டும், மாலையை யார் கழற்றிப் பத்திரப்படுத்துவார்.

பொறிக்கும் எழுத்துக்கான பெட்டியில், "சட்டத்தில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுதவும்" என்று கேட்கிறேன். ஒரே பெயரை ஒருவர் லக்ஷ்மி என்பார், இன்னொருவர் லட்சுமி என்பார். பத்திரிகையில் உள்ளது ஒன்று, வீட்டில் எழுதுவது ஒன்று. அத்தை நிரப்பினால் அத்தைக்குத் தெரிந்தபடி வரும். ஆகவே பத்திரிகையின் படத்தையும் வாங்கி ஒப்பிடுகிறேன். படத்தைப் படிவத்திலேயே பதிவேற்ற வைக்கலாம்தான். ஆனால் கூகுள் ஃபார்மில் கோப்பு ஏற்றுகிற கேள்வி இருந்தால் நிரப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். வயதானவர்கள் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். படம் வாட்ஸ்அப்பில் வரட்டும். தேதியை எண்ணாக மட்டும் எழுதாமல் மாதத்தைப் பெயராக எழுதச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து நிரப்பும் உறவினர் மாதத்தை முன்னால் போடுவார், இங்கே நாம் நாளை முன்னால் போடுகிறோம்.

பூவைப் பற்றிய கேள்வியின் கீழே இரண்டு வரி இருக்கிறது. மல்லிகை உலர்ந்தால் வெள்ளையாக இருக்காது, இளம் பழுப்பாகும். சிவப்பு ரோஜா கருஞ்சிவப்பாகும். "படித்தேன், சரி" என்று தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும். ஆர்டருக்கு முன்னால் இதைச் சொல்வது விளக்கம். சட்டம் கைக்குப் போன பிறகு சொன்னால் அதே வாக்கியம் சாக்காகிவிடுகிறது.

மாலையை யார் கழற்றுவார் என்பது சிலருக்கு வேடிக்கையான கேள்வியாகத் தெரியும். எனக்கு அதுதான் தலையாயது. முகூர்த்தம் முடிந்த பரபரப்பில் மாலை ஏதோ ஒரு நாற்காலியில் கிடக்கும். நல்ல எண்ணத்தில் யாரோ ஒருவர் தண்ணீர் தெளித்துப் பாலித்தீன் பையில் கட்டி வைப்பார். மறுநாள் அது புழுங்கிப் பூசணம் பிடித்திருக்கும். செய்தித்தாள் விரித்த அட்டைப் பெட்டியில், தண்ணீர் தெளிக்காமல், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது. இதைச் செய்ய ஒருவர் பெயரும் எண்ணும் எனக்கு வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் அவருக்கு ஒரு செய்தி அனுப்புவேன்.

இனி நாள் கணக்கு. தை மாதத்தில் வந்த ஓர் ஆர்டரைச் சொல்கிறேன். மணப்பெண்ணின் அக்கா கோயம்புத்தூரிலிருந்து படிவம் நிரப்பியிருந்தார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, மாலையில் ரோஜாவும் சம்பங்கியும், வேண்டியது பெரிய சட்டம். எந்தத் தேதிக்குள் என்ற இடத்தில், கல்யாணம் முடிந்த 25ஆம் நாள் தங்கை சிட்னிக்குப் புறப்படுகிறாள், அதற்குள் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நான் போட்ட கணக்கு இது. ஞாயிறன்று கூரியர் எடுக்க மாட்டார்கள். திங்களன்று அனுப்பினால் செவ்வாயன்று வரும், இரண்டு நாள். உலர்த்த 10. அடுக்குகள் ஊற்றவும் எழுத்து ஒட்டவும் 4. இறுக 7. ஓரம் தேய்த்து மெருகேற்ற 2. பெட்டி கட்டிக் கோயம்புத்தூர் சேர 3. மொத்தம் 28 நாள். இது வேறு ஆர்டரே இல்லை என்றால். முகூர்த்த நாள்கள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான் என்பதால் மாலைகளும் ஒன்றாகத்தான் வரும். மட்டம் பார்த்து வைத்த மேசை என்னிடம் ஒன்றே இருக்கிறது. முன்னால் இருப்பவர்களுக்காக ஒரு வாரம், மழையோ மின்தடையோ வந்தால் தாங்க இன்னொரு வாரம். ஆறு வாரம்.

"25 நாளில் பெரிய சட்டம் முடியாதும்மா" என்றேன். "வேற சிலர் 15 நாள்ல தர்றேன்னு சொல்றாங்களேக்கா" என்றார். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதை நான் பேசவில்லை. என் மேசையில் எந்தெந்த நாளில் என்ன நடக்கும் என்பதை மட்டும் எழுதி அனுப்பினேன். கூடவே வேறொரு வழியும் சொன்னேன். இதழ்கள் மட்டும் வைத்த, கையகல வட்டத் தட்டு ஒன்று. பூ வர 2 நாள், இதழ் உலர 4, ஊற்ற 2, இறுக 7, தேய்க்க 1, கூரியர் 3, ஆக 19. சிறியது என்பதால் மேசையின் ஓரத்தில் நுழைத்துவிடலாம், காத்திருக்க வேண்டாம். பயணத்துக்கு முன் ஆறு நாள் மிச்சம் இருக்கும். பெரிய சட்டத்துக்கான பூக்களை உலர்த்திச் சிலிக்காவோடு மூடி வைத்துக்கொள்வேன். அது ஆறு வாரத்தில் அம்மா வீட்டுக்குப் போகும், அவர்கள் மகளைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போகட்டும். அக்கா ஒரு நாள் யோசித்துச் சரி என்றார்.

இந்தக் கணக்கை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. சிலர் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பதிவு செய்கிறார்கள். ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் மாலை கோர்க்கும் முன்பே கெடு தாண்டிவிடும். அதனால் படிவத்தின் முதல் வரியிலேயே இப்படி இருக்கிறது: "பூ எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு வாரம்." படிவம் வந்ததும் அதிலுள்ளதைச் சுருக்கி, பொறிக்கப்போகும் எழுத்தைத் தனி வரியில் வைத்து, ஒரே ஒரு செய்தி அனுப்புவேன். அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகே முன்பணம். பூ வந்ததும் வாரக் கணக்கைத் தேதியாக மாற்றிச் சொல்வேன். உலர்ந்ததும் ஒரு படம் போகும். தாமதம் ஆகும் என்று தெரிந்தால் தெரிந்த அன்றே சொல்லிவிடுகிறேன். கெடு நாளன்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வாங்குபவரின் குரலிலேயே கேட்கிறது.

ஒரு முகூர்த்தத்துக்கு நான்கு மாலைதான் எடுக்கிறேன். என் டப்பாக்களில் அவ்வளவுதான் புதைக்க முடியும். உலராத பூவை அலமாரியில் வரிசையில் நிற்கவைக்க முடியாது. நான்கு நிறைந்ததும் அந்தத் தேதியைப் படிவத்தின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். ஐந்தாவதாகக் கேட்பவருக்கு, வீட்டிலேயே உலர்த்தும் முறையை எழுதி அனுப்புகிறேன்: எவ்வளவு சிலிக்கா வாங்க வேண்டும், பூவை எப்படிப் புதைக்க வேண்டும், எந்த நாளில் எடை பார்க்க வேண்டும் என்று. உலர்ந்த பூவை மூடி போட்ட டப்பாவில் கொஞ்சம் சிலிக்காவோடு வைத்தால் சில மாதம் தாங்கும். கல்யாணமே இல்லாத ஆடியில் என் மேசை காலியாக இருக்கும். அப்போது அனுப்புங்கள், உலர்த்தும் நாள் குறைவதால் மூன்று வாரத்தில் தந்துவிடுகிறேன் என்று அந்தச் செய்தியின் கடைசியில் எழுதுகிறேன்.